உள்ளங்கையால் யாரும் சாப்பிடுவதில்லை

சத்துணவு மணி அடித்ததும் பிள்ளைகள் எப்படிக் கை கழுவுகிறார்கள் என்று ஒருநாள் சும்மா நின்று பார்த்தேன். இடது கையில் தட்டு. வலது கையைக் குழாயடியில் நீட்டுகிறார்கள், விரல்களை ஒருமுறை மூடித் திறக்கிறார்கள், உதறிக்கொண்டே வரிசைக்கு ஓடுகிறார்கள். இரண்டு விநாடி ஆகியிருக்கும். சோப்பு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஒரு கையில் தட்டைப் பிடித்திருப்பவர் சோப்பை எப்படித் தேய்ப்பார்? ஒரு கை தன்னைத் தானே கழுவிக்கொள்ள முடியாது. 'சாப்பிடும் முன் கை கழுவுவோம்' என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம், தட்டை எங்கே வைப்பது என்று எழுதவில்லை.

நான் வேலை பார்ப்பது நீடாமங்கலத்துக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் 26 பேர். கை கழுவுதலும் ஊட்டச்சத்தும் ஒரே பாடமாக வருவதை முன்பெல்லாம் இரண்டு தனித்தனிப் பாடமாகத்தான் நடத்துவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் கை.

'கை கழுவினாயா?' என்று கேட்டு 'ஆம்', 'இல்லை' என்று குறிக்கும் அட்டவணையை நானும் ஒரு வருடம் ஒட்டி வைத்திருந்தேன். முழுக்க 'ஆம்'. பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, தண்ணீரில் கையை நீட்டியதை அவர்கள் கழுவியதாகத்தான் நினைக்கிறார்கள். அதனால் கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது. கழுவினாயா என்பதை விட்டுவிட்டு, கையில் எந்த இடம் விட்டுப்போனது என்று பார்க்க வேண்டும். அதற்கு அழுக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் தேங்காய் எண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவச் சொன்னேன். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாற, வகுப்பே அலறியது. 'டீச்சர், ரத்தம்!' சோப்பில் காரத்தன்மை இருப்பதால் மஞ்சள் நிறம் மாறும். அது வேறொரு பாடத்துக்கு நல்ல சோதனை, இந்தப் பாடத்துக்கு ஆகாது. இன்னொரு சிக்கலும் இருந்தது. மஞ்சள் தோலிலேயே சாயமாக ஏறிவிடுகிறது. எண்ணெய் முழுக்கப் போன பிறகும் கை மஞ்சளாகவே இருக்கும். நன்றாகக் கழுவிய பிள்ளையும் தோற்றதாகத் தெரியும்.

அடுத்து அடுப்புக்கரி. கரியை இடித்து, துணியில் சலித்து, ஒரு ஸ்பூன் கரிக்கு மூன்று ஸ்பூன் எண்ணெய் என்று குழைத்தோம். ஒருவருக்குத் தட்டைப்பயறு அளவு போதும். இரண்டு கையிலும், நகக்கண் வரை தேய்த்துக்கொள்ள வேண்டும். கரி தோலில் சாயமாக ஏறாது. எங்கே கருப்பு தெரிகிறதோ அங்கே எண்ணெய் இன்னும் இருக்கிறது, எண்ணெய் இருந்தால் அதில் ஒட்டிய கிருமியும் இருக்கும் என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். வெள்ளைச் சட்டைக்கு மட்டும் முன்னெச்சரிக்கை வேண்டும். கையை மடித்துவிட்டு, ஒரு பழைய துண்டை மேலே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் வருடம் நான் சொல்ல மறந்து, மறுநாள் காலையில் மூன்று அம்மாக்கள் வாசலில் நின்றார்கள்.

முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னேன். கருப்பு நகரவே இல்லை. எண்ணெயின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நம் தோலிலும் இயல்பாகவே ஒரு மெல்லிய எண்ணெய்ப் பசை உண்டு. கிருமிகள் அந்தப் பசையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோப்பின் நுண்துகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். தேய்க்கும்போது எண்ணெய் சிறு சிறு உருண்டைகளாகப் பிரிந்து, கிருமியோடு சேர்ந்து தண்ணீரில் போய்விடுகிறது. சில வைரஸ்களுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, அவற்றை சோப்பு உடைத்தே விடும். ஆனால் பெரும்பாலும் அதன் வேலை கிருமியைக் கொல்வது இல்லை, கையிலிருந்து கிளப்பி அனுப்புவது. அதனால்தான் தேய்ப்பதற்கு நேரம் வேண்டும்.

இருபது விநாடி தேய்க்க வேண்டும் என்பது கணக்கு. பிள்ளைகளை ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொன்னால் ஆறு விநாடியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் வாய்ப்பாட்டை நிதானமாக ஒருமுறை சொல்லச் சொன்னேன். கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய சரியாக வருகிறது.

இனி வகுப்பு வரைபடம். ஒரு பெரிய சார்ட் தாளில் நான்கு கைகளின் வெளிக்கோடு: வலது உள்பக்கம், வலது வெளிப்பக்கம், இடதும் அதேபோல. சோப்பு போட்டுக் கழுவி வந்த ஒவ்வொருவரும் தன் கையில் கருப்பு எங்கே மிஞ்சியிருக்கிறதோ அதே இடத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. யாருடைய கை என்பது முக்கியமில்லை, எந்த இடம் என்பதுதான் வேண்டும்.

26 பேரும் வைத்து முடித்ததும் படத்தைப் பார்த்து வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளங்கை அநேகமாகக் காலி. கட்டைவிரலின் பின்பக்கம், விரல்நுனி, நகத்தைச் சுற்றி, விரல் இடுக்கு ஆகிய இடங்களில் புள்ளிகள் மொய்த்திருந்தன. கட்டைவிரலில் மட்டும் 21 பேர்.

அப்போது ஒரு பையனைக் கூப்பிட்டு, வெறும் தட்டில் சோறு பிசைந்து சாப்பிடுவதுபோலச் செய்து காட்டு என்றேன். ஐந்து விரல்நுனியும் கூடிப் பிசைகின்றன, கட்டைவிரல் கவளத்தை வாய்க்குள் தள்ளுகிறது. உள்ளங்கை தட்டைத் தொடவே இல்லை. தொட்டால்தான் நம் வீட்டில் அதட்டுவார்களே, 'உள்ளங்கையெல்லாம் அப்பிக்காதே' என்று. ஆக, நாம் சோற்றைத் தொடாத உள்ளங்கையை நன்றாகக் கழுவுகிறோம், சோற்றைத் தொடும் விரல்நுனியையும் கட்டைவிரலையும் விட்டுவிடுகிறோம். ஸ்பூனில் சாப்பிடும் ஊருக்கு இது சின்னக் குறை. நமக்கு அப்படி இல்லை.

எனவே கழுவும் முறையை நான் மூன்றே அசைவாகச் சுருக்கிவிட்டேன். சுவரில் ஒட்டும் படங்களில் ஆறேழு படிகள் இருக்கும். அவை தவறில்லை, பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பதில்லை. உள்ளங்கையும் புறங்கையும் எப்படியும் தேய்பட்டுவிடும். தனியாகச் சொல்ல வேண்டியது இவைதான்: விரல்களைக் கோத்து இடுக்கில் தேய்ப்பது, ஒரு கட்டைவிரலை மறுகையால் முழுக்கப் பிடித்து, மோட்டார் வண்டியின் ஆக்ஸிலேட்டரைத் திருகுவதுபோலத் திருகுவது, ஐந்து விரல்நுனியையும் குவித்து மறு உள்ளங்கையில் சுரண்டுவது. இரண்டு கைக்கும். கழுவிய பிறகு பாவாடையிலும் டவுசரிலும் துடைக்காமல் உதறிக் காயவிட வேண்டும்.

தட்டுப் பிரச்சினைக்கு ஆயாதான் வழி சொன்னார். மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரக் கூடாது. தட்டுகள் பந்தி போடும் இடத்தில் முன்பே வரிசையாக இருக்கும், வெறுங்கையோடு குழாய்க்கு வந்து கழுவிவிட்டுப் போய் உட்கார வேண்டும். இந்த ஒரு மாற்றம் நான் எடுத்த பாடத்தைவிட அதிக வேலை செய்தது.

சரி, இதற்கும் ஊட்டச்சத்துக்கும் என்ன தொடர்பு? உருண்டைப் புழுவை எடுத்துக்கொள்வோம். மலம் கலந்த மண்ணில் அதன் முட்டை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிசுபிசுப்பானது, நகத்தடியில் நன்றாக ஒட்டும். விரல் வழியாக வயிற்றுக்குள் போனால் குடலில் வளர்ந்து, நாம் சாப்பிடுவதில் பங்கு கேட்கும். ஒரு பெண் புழு ஒரு நாளில் இரண்டு லட்சம் முட்டை வரை இடும், அது திரும்ப மண்ணுக்குப் போகும். பிள்ளைக்குப் பசி மந்தமாகும், சாப்பிட்டதும் முழுசாக உடம்பில் ஒட்டாது. முட்டையும் கீரையும் எவ்வளவு போட்டாலும், விரல்நுனி சரியில்லையென்றால் அதில் ஒரு பங்கு வேறு யாருக்கோ போகிறது. வயிற்றுப்போக்கிலும் இதே கதைதான். இரண்டு நாள் போனால், சாப்பிட்டதன் பலன் குறைந்துவிடும்.

இந்தப் புழு முட்டையின் ஓடு கெட்டி. சோப்பாலும் சாகாது, கைக்குத் தடவும் சானிடைசராலும் சாகாது. தேய்த்து வெளியே அனுப்புவதுதான் ஒரே வழி, நகத்தை வெட்டி வைத்தால் ஒட்ட இடமும் குறையும். குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் ஒழிக்கும். அடுத்த வாரம் புதிதாக வருவதை அது தடுக்காது. 'மாத்திரைதான் போட்டாச்சே டீச்சர்' என்பவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போது தட்டு. 'நேற்று என்ன சாப்பிட்டாய், எழுந்து சொல்' என்று வகுப்பில் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. வேலை இல்லாத மாதத்தில் ரசமும் சோறும் மட்டும் சாப்பிட்ட பிள்ளை, பக்கத்தில் இருப்பவன் காதுபட அதைச் சொல்லாது. ஒரு வருடம் அப்படிக் கேட்டபோது வாரம் முழுக்கக் கோழிக் குழம்பு சாப்பிட்ட வகுப்பு எனக்குக் கிடைத்தது. அதனால் நான்கு டப்பாக்களைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். ஒன்று சோறு, இட்லி வகை. இரண்டாவது பருப்பு, முட்டை, மீன், கறி. மூன்றாவது கீரை, காய். நான்காவது பழம், எலுமிச்சை, நெல்லிக்காய். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் எவை இருந்தனவோ, அந்த டப்பாவில் ஒரு புளியங்கொட்டை. ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். யார் எதில் போட்டார் என்று எனக்கும் தெரியாது.

எண்ணிப் பார்த்தோம். முதல் டப்பாவில் 26 கொட்டை. இரண்டாவதில் 15, மூன்றாவதில் 12. நான்காவதில் மூன்று. கை வரைபடத்துக்குப் பக்கத்திலேயே நான்கு தூண்களாக இதையும் வரைந்தோம். நெல் விளையும் ஊரில் சோற்றுக்குக் குறைவில்லை என்பது தெரிந்ததுதான். பிள்ளைகளைக் குழப்பியது அந்தக் கடைசித் தூண்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: 'டீச்சர், புளிக்குழம்பும் புளிப்புதானே? நாங்க தினமும் சாப்பிடுறோமே, அதுக்கு ஏன் கொட்டை போடக் கூடாது?' நல்ல கேள்வி. நான்காவது டப்பாவை நான் வைத்தது புளிப்புக்காக இல்லை, வைட்டமின் சிக்காக. புளியின் புளிப்பு வேறொரு அமிலத்தால் வருவது. அதில் வைட்டமின் சி மிகக் குறைவு, கொதித்த பிறகு அதுவும் நிற்காது. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காயில்தான் அது தாராளமாக இருக்கிறது.

வைட்டமின் சி ஏன் முக்கியம் என்றால், கீரையில் இருக்கும் இரும்புச்சத்துக்கு அதன் உதவி வேண்டும். மீன், கறியில் உள்ள இரும்பு ஓரளவு சுலபமாக ரத்தத்தில் சேரும். கீரையிலும் பருப்பிலும் உள்ளது அப்படி இல்லை, அதில் சிறு பங்குதான் உள்ளே போகும், மீதி அப்படியே வெளியேறிவிடும். வைட்டமின் சி கூட இருந்தால் குடல் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு அந்த இரும்பு மாறுகிறது. டீ இதற்கு நேர் எதிர். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், ரசம், அப்பளம். சாப்பிட்டு எழுந்ததும் ஒரு டம்ளர் டீ. கீரை இருக்கிறது, ஆனால் உதவி இல்லை, போதாததற்குப் பின்னாலேயே தடை வருகிறது. இதில் என்ன மாற்றலாம்? காசு செலவழிக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தேன். பொரியலை அடுப்பிலிருந்து இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிவது. எலுமிச்சை இல்லையென்றால் சாப்பிட்டதும் கொல்லைக் கொய்யா ஒன்று. டீயை நாலு மணிக்குத் தள்ளுவது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ இல்லாமல் இருந்தால் நல்லது. அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சை பிழிந்தால் சூட்டில் வைட்டமின் சி குறையும், கசப்பும் ஏறும். சமைப்பவர்களுக்கு இந்தக் கசப்புக் கதை உடனே பிடிபடும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான். சாப்பிட்ட பிறகு தண்ணீரில் விழுங்க வேண்டும், டீயில் கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் பல மாத்திரைகள் ஜன்னல் வழியாகப் போகின்றன. மலம் கருப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

வீட்டுக்கு இரண்டே வேலை கொடுத்தேன். முதல் வேலை சோப்பு. குளிக்கிற சோப்பைப் பாதியாக வெட்டி, ஒரு துண்டைக் கை கழுவ மட்டும் என்று ஒதுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டைப் பழைய காலண்டர் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட வேண்டும். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் வைத்து மறுபடியும் கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அந்த வாரம் வீட்டில் எல்லோரும் கழுவிய அளவு. யாரையும் விசாரிக்க வேண்டாம்.

குழாய் இல்லாத வீடுகளுக்குப் பழைய தண்ணீர் பாட்டில். மூடியை இறுக்கி மூடி, அடிப்பக்கத்தை வெட்டி (இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்), தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். மூடியைத் தளர்த்தினால் தண்ணீர் வரும், இறுக்கினால் நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீர் இரண்டு பேருக்குத் தாராளம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதே என்று அதில் கை அலம்புவது வேண்டாம், மேலே யார் என்ன செய்திருப்பார்கள் என்று தெரியாது.

இரண்டாவது வேலை, வாரத்தில் இரண்டு வேளை, கீரையோ பருப்போ இருக்கும் சாப்பாட்டில் எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்து, டீயைத் தள்ளிவைப்பது. வீட்டில் யார் முணுமுணுத்தார்கள் என்றும் எழுதிவர வேண்டும். இந்தக் கடைசி வரியை எல்லோரும் விரும்பி எழுதினார்கள்.

சோப்பு வேலையில் ஒரு ஓட்டை இருந்தது. சில தாள்களில் இரண்டாவது கோடு ரொம்பவே சின்னதாக இருந்தது. சந்தேகப்பட்டு விசாரித்தால், கிண்ணத்தில் தண்ணீரோடு சோப்பு ஊறிக் கரைந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஊறிய சோப்பு அடிப்பக்கம் கூழாக இருக்கும், கை பட்டுத் தேய்ந்தது எல்லாப் பக்கமும் வழவழப்பாக ஒரே மாதிரி குறைந்திருக்கும். வெங்காயம் வாங்கும் வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டால் ஊறாது, காக்காயும் தூக்கிப் போகாது. ஆமாம், காக்காய். நம் பக்கத்தில் கிணற்றடிச் சோப்புக்கு அதுதான் முதல் எதிரி.

இந்தப் பாடம் எட்டாத இடமும் உண்டு, அதைப் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. கொக்கிப் புழு கை வழியாக வருவதைவிடக் கால் வழியாகத்தான் அதிகம் வருகிறது. ஈர மண்ணில் இருக்கும் அதன் குஞ்சு, வெறுங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், கடைசியில் குடல் சுவரைக் கவ்வி ரத்தத்தை உறிஞ்சும். ரத்தம் போனால் இரும்பும் போகிறது. வரைபடத்தில் எத்தனை புள்ளி குறைந்தாலும் இதைத் தடுக்காது. மேட்டூர் திறந்து வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் சேற்றில் செருப்பு போட்டு நட முடியாது என்பது எனக்கும் தெரியும். கொல்லைக்குப் போகும்போதும் திடலில் விளையாடும்போதும் போடலாம், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கரி தடவினோம். கட்டைவிரல் புள்ளி 21இலிருந்து எட்டாகியிருந்தது. அதில் ஆறு இடது கையில். வலது கையை அநேகமாக எல்லோரும் திருகிவிடுகிறார்கள், இடது கைக் கட்டைவிரலுக்கு இன்னும் முறை வரவில்லை. சோற்றுக்கை இல்லையே என்ற அலட்சியமாக இருக்கலாம். ஆனால் கால் கழுவப் போவது அந்தக் கைதான் என்று சொன்னதும் சிரிப்பு. நான்காவது டப்பாவில் கொட்டை பதினொன்று, அது கொய்யாக் காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காலண்டர் தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அதில் இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடப் பெரிதாக இருந்தது. 'என்னடா, உங்க வீட்டுச் சோப்பு வளருதா?' என்றேன். 'இல்ல டீச்சர். பாதிச் சோப்ப காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு. அப்பாயி புதுசா முழுசா ஒண்ணு வெச்சுட்டாங்க.' வலைப்பை வாங்கினாயா என்று கேட்டேன். வெங்காயம் தீரட்டும் என்று அப்பாயி சொல்லியிருக்கிறார்களாம்.